இனிஷியல் குடும்பப் பெயர் ஆகுமா? பாஸ்போர்ட் கட்டங்களில் மாட்டிக்கொள்ளும் தமிழ்ப் பெயர்

பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு சொல் மட்டும் பெயராக இருந்தால் அமீரகத்துக்குள் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஏர் இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனங்கள் சுற்றறிக்கை விட்டன. நவம்பர் 21 முதல் நடைமுறை. விசிட் விசாவில் போகிறவர்களைத்தான் இது முக்கியமாகப் பாதித்தது. கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் தென்காசியிலும் வளைகுடாவை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஏராளம் என்பதால் டிராவல்ஸ் அலுவலகங்களில் ஒரே குழப்பம். பிறகு விதி தளர்ந்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாவது விவரப் பக்கமான கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்றார்கள்.

பதற்றம் அடங்கினாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் `Surname` என்று ஒரு கட்டம், `Given Name` என்று ஒரு கட்டம். இனிஷியல் மட்டுமே வைத்திருக்கும் ஒருவர் எதில் எதை எழுதுவது? இதற்குப் பதில் சொல்ல, நம் பெயர் எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

## குடும்பப் பெயர் வேறு, தந்தை பெயர் வேறு

ஒருவருடைய சொந்தப் பெயரோடு சேர்ந்து வரும் இரண்டாவது பெயர் இரண்டு வகைப்படும்.

1. குடும்பப் பெயர். இது தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒன்றே. சீனா, கொரியா, ஜப்பான், ஹங்கேரி ஆகிய நாடுகளில் இது முன்னால் வரும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் பின்னால் வரும். ஜப்பான் அரசு ஆங்கில எழுத்தில் எழுதும்போது மேற்கத்திய வரிசையைப் பின்பற்றிவந்தது. 2020 ஜனவரி முதல் அரசு ஆவணங்களில் குடும்பப் பெயரையே முன்னால் எழுதுகிறது.

2. தந்தை பெயர். இது ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும். அப்பாவின் சொந்தப் பெயர் மகனுக்கு அடையாளமாகும். மகனின் சொந்தப் பெயர் பேரனுக்கு அடையாளமாகும். ஐஸ்லாந்து இப்படி. நாமும் இப்படித்தான்.

ரஷ்யர்கள் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறார்கள். சொந்தப் பெயர், தந்தை பெயரிலிருந்து வந்த பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று. அதனால் அவர்களுக்குக் கட்டத்தை நிரப்புவதில் சிக்கல் வருவதில்லை.

எட்டயபுரம் சி. சுப்பிரமணிய பாரதியின் ‘சி’ அவருடைய தந்தை சின்னசாமி. ஒட்டப்பிடாரம் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் ‘உ’ தந்தை உலகநாதன். நெல்லைக் குடும்பத்துப் புதுமைப்பித்தன் சொ. விருத்தாசலம், ‘சொ’ தந்தை சொக்கலிங்கம். இந்த எழுத்துகள் எதுவும் குடும்பப் பெயர் இல்லை.

வ.உ.சி. பெயரின் கடைசியில் உள்ள ‘பிள்ளை’ பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலேயர் காலப் பதிவேடுகளில் பிள்ளை, நாடார், தேவர், முதலியார் போன்ற சாதிப் பட்டங்கள் பெயரின் கடைசியில் நின்றதால், வெளியார் கண்ணுக்கு அவையே குடும்பப் பெயர் போலத் தெரிந்தன. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதன்பின் வந்த தலைமுறைகளில் பட்டம் பெரும்பாலும் உதிர்ந்துபோனது. தமிழ்நாட்டுக்காரர்களின் சர்நேம் கட்டம் மட்டும் காலியாகக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பட்டம் போனது நல்லதுதான். கட்டம் காலியாக இருப்பது குறையும் அல்ல. குடும்பப் பெயர் எல்லோருக்கும் இருக்கும் என்று நினைத்து அச்சடிக்கப்பட்ட படிவத்தின் குறை அது.

## வரிசையை முடிவு செய்வது இலக்கணம்

தந்தை பெயரை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பது விருப்பம்போல் மாற்றிக்கொள்ளக்கூடிய வழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். தமிழில் அப்படி இல்லை. தமிழில் எது எதை விளக்குகிறதோ அது முன்னால் வரும். விளக்கப்படுவது கடைசியில் வரும். ‘அம்பாசமுத்திரம் ரோடு’, ‘மாடசாமி வீடு’ என்கிறோம். ‘வீடு மாடசாமி’ என்று சொன்னால் பொருள் கெட்டுவிடும். ‘மாடசாமி இசக்கிமுத்து’ என்பதும் இதே அமைப்புத்தான். மாடசாமியுடைய மகன் இசக்கிமுத்து என்பது பொருள். ‘உடைய’, ‘மகன்’ என்ற இரண்டு சொற்களும் தொக்கி நிற்கின்றன.

இது தொல்காப்பியத்திலேயே பேசப்பட்ட சங்கதி. தந்தை பெயரும் மகன் பெயரும் அடுத்தடுத்து வரும்போது முதல் பெயரின் ஈறு எப்படித் திரியும் என்பதற்கு எழுத்ததிகாரத்தில் விதியே இருக்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் சாத்தங்கொற்றன்: சாத்தன் என்பவனுக்கு மகனாகிய கொற்றன். சங்கப் புலவர் ஒருவரின் பெயர் ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்று வருகிறது. முதலில் ஊர், அடுத்து தந்தை, கடைசியில் ஆள். உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதையர், உ.வே.சா. ஆனதும் அதே வரிசையில்தான்.

மகன் பெயரால் தந்தையைச் சொல்வதற்கும் தொல்காப்பியத்தில் விதி உண்டு. ஆதன் தந்தை ‘ஆந்தை’ ஆவார். பிசிராந்தையார் என்ற பெயரை அப்படிப் பிரிப்பார்கள். இன்றைக்கும் தெருவில் ‘முத்து அப்பா’ என்று கூப்பிடுகிறோமே, அதன் பழைய வடிவம்.

வேற்றுமை உருபு ஒட்டும் இடமும் இதையே காட்டுகிறது. தமிழில் உருபு கடைசிச் சொல்லில் மட்டும் ஏறும்: ‘மாடசாமி இசக்கிமுத்துவைப் பார்த்தேன்.’ நான் பார்த்த ஆள் இசக்கிமுத்து. இதைத் திருப்பி ‘இசக்கிமுத்து மாடசாமியைப் பார்த்தேன்’ என்றால், தமிழ்க் காதுக்கு நான் பார்த்தது மாடசாமியை. அவருடைய அப்பா இசக்கிமுத்து.

உருபு ஏறும்போது பெயர்ச்சொல்லும் மனிதர் பெயரும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிடலாம். கடலில் எடுக்கும் முத்து ‘முத்தை’ ஆகும், உகரம் போய்விடும். ஆள் முத்து ‘முத்துவை’ ஆவார். பெயர் சிதையாமல் நிற்க இடையில் வகரம் வந்துவிடும். ஆனால் சிதம்பரம், சண்முகம் போன்ற பெயர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. மரம் ‘மரத்தை’ ஆவது போல ஆள் சண்முகமும் ‘சண்முகத்தை’ ஆகிறார். வினைமுற்றில் மட்டும் ‘சண்முகம் வந்தார்’ என்று உயர்திணைக்குத் திரும்பிவிடுகிறார்.

## தாத்தா பெயர் வைக்கும் வழக்கமும் தலைகீழ் வரிசையும்

திருநெல்வேலிப் பக்கத்தில் இந்த வரிசை விஷயம் இன்னும் சிக்கலாவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பல குடும்பங்களில் மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். இப்படி வைத்தால் மூத்தவர்களின் பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை சுற்றும்:

1. தாத்தா: இ. மாடசாமி
2. அப்பா: மா. இசக்கிமுத்து
3. மகன்: இ. மாடசாமி
4. பேரன்: மா. இசக்கிமுத்து

தமிழ் வரிசையில் எழுதினால் அப்பா ‘மாடசாமி இசக்கிமுத்து’. மகன் ‘இசக்கிமுத்து மாடசாமி’. குழப்பம் இல்லை. முதலாமவரும் மூன்றாமவரும் ஒரே பெயராக இருந்தாலும் இடையில் ஐம்பது வருட வயது வித்தியாசம் இருக்கும். பிறந்த தேதி பிரித்துக் காட்டிவிடும்.

அப்பாவின் பெயரை மட்டும் ஆங்கில வரிசைக்கு மாற்றி, சொந்தப் பெயரை முன்னும் தந்தை பெயரைப் பின்னும் போட்டால் ‘இசக்கிமுத்து மாடசாமி’ என்று வரும். அது அவருடைய மகனின் பெயர்! மகன் பெயர் பள்ளிச் சான்றிதழில் தமிழ் வரிசையிலேயே இருந்தால், இரண்டு பேருடைய ஆவணங்களிலும் ஒரே எழுத்துகள் ஒரே வரிசையில் நிற்கும். அதே வீடு, அதே முகவரி. வங்கியிலோ பத்திரப் பதிவிலோ இது யாருடைய காகிதம் என்று பிரிக்கப் பிறந்த தேதியைத் தேட வேண்டிவரும். நிலம் தாத்தா பெயரில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

## ஒரு பாஸ்போர்ட், மூன்று வழிகள்

மேலே சொன்ன அப்பாவையே எடுத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரம் பக்கத்து மா. இசக்கிமுத்து. கற்பனை ஆள்தான், ஆனால் இவரைப் போல நிறையப் பேர் உண்டு. திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போகுமுன் விண்ணப்பம் நிரப்புகிறார். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது. விரித்து முழுப் பெயராக எழுத வேண்டும். ஆக ‘மாடசாமி’ எங்காவது உட்கார்ந்தாக வேண்டும்.

பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இயந்திரம் படிப்பதற்காக அச்சாகியிருக்கும். அதன் வடிவத்தைச் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்திருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். முதல் வரியில் ஆவண வகைக்கும் நாட்டுக்கும் 5 இடம் போக, பெயருக்கு 39. முதன்மைப் பெயர், அதாவது சர்நேம், முதலில் வரும்; பிறகு `<<` என்று இரட்டைக் குறி; பிறகு மற்றப் பெயர். ஒரே பிரிவுக்குள் இருக்கும் சொற்களுக்கு நடுவில் ஒற்றை `<`.

வழி 1: தந்தை பெயரை சர்நேமாக எழுதுவது. பெரும்பாலான ஏஜென்ட்டுகள் சொல்வது இதுதான்.

```
P<INDMADASAMY<<ESAKKIMUTHU<<<<<<<<<<<<<<<<<<
```

டிக்கெட்டும் விசாவும் சிரமம் இல்லாமல் கிடைக்கும். வெளிநாட்டு அலுவலகத்தில் ‘மிஸ்டர் மாடசாமி’ என்று அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், பழகிக்கொள்ள வேண்டியதுதான். மகனுக்கும் இதே முறையில் எழுதினால் மகனின் சர்நேம் ESAKKIMUTHU ஆகும். அப்பா சர்நேம் ஒன்று, பிள்ளை சர்நேம் வேறு. குடும்ப விசா எடுக்கும்போது உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வழி 2: சர்நேமைக் காலியாக விட்டு, இரண்டு பெயரையும் கிவன் நேமில் எழுதுவது. இரண்டாவது பிரிவே இல்லாதபோது முழுப் பெயரும் முதன்மைப் பெயராக நிற்க வேண்டும் என்பது அந்த அமைப்பின் விதி.

```
P<INDESAKKIMUTHU<MADASAMY<<<<<<<<<<<<<<<<<<<
```

நம்முடைய பெயர் முறைக்கு நேர்மையான வழி இது. குடும்பப் பெயர் இல்லை, அதனால் எழுதவில்லை. ஆனால் அடுத்த அலுவலகம் தன் கட்டம் காலியாக இருப்பதைச் சகித்துக்கொள்ளாது. அமெரிக்க விசாவில் இந்த இரண்டு சொல்லும் சேர்ந்து சர்நேமாகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் `FNU` என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. போன இடத்தில் பதிவேடுகள் இந்த மூன்று எழுத்தையே உண்மையான பெயராக எடுத்துக்கொள்ள, ‘ஹலோ ஃப்னு’ என்று விளிக்கப்பட்டவர்கள் உண்டு. டிக்கெட் பதியும்போதும் ஒரு நிறுவனம் ஒரே பெயரை இரண்டு முறை போடச் சொல்லும், இன்னொன்று வேறு மாதிரி சொல்லும்.

வழி 3: சொந்தப் பெயரை சர்நேமாகவும், தந்தை பெயரை கிவன் நேமாகவும் எழுதுவது.

```
P<INDESAKKIMUTHU<<MADASAMY<<<<<<<<<<<<<<<<<<
```

ஆங்கில வரிசையில் படித்தால் ‘மாடசாமி இசக்கிமுத்து’ என்று அச்சு அசலாகத் தமிழ் வரிசை கிடைக்கும். ‘மிஸ்டர் இசக்கிமுத்து’ என்று சரியான ஆளையே கூப்பிடுவார்கள். கேட்க அழகான யோசனை. ஆனால் முதல் பெயரைச் சொல்லிப் பழகும் ஊர்களில் சக ஊழியர்கள் எல்லோரும் அவரை மாடசாமி என்பார்கள். பள்ளிச் சான்றிதழில் ‘M. ESAKKIMUTHU’ என்று இருப்பதை வைத்து, சொந்தப் பெயர் எது என்று ஒவ்வொரு இடத்திலும் விளக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மூன்றாவது வரிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்துகள் ஒன்றேதான். இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு `<` கூடுதல், அவ்வளவே. இந்த ஒரு குறி இல்லாமல் போனதுதான் ஒருவரை `FNU` ஆக்குகிறது.

மூன்றில் எது சரி என்று கேட்டால், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவருக்கு முதல் வழியைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ் இலக்கணத்துக்கு அது தலைகீழ்தான். ஆனால் எல்லா நாட்டுக் கட்டங்களிலும் இடறாமல் போவது அது ஒன்றே.

## ஐஸ்லாந்துக்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்

தந்தை பெயர் முறையை வைத்துக்கொண்டே உலகம் சுற்றுகிறவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். யோன் என்பவரின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்தோத்திர். நடுவில் வரும் ‘ஸ்’ அவர்களுடைய ஆறாம் வேற்றுமை உருபு. யோனுடைய மகன், யோனுடைய மகள் என்பது நேர்ப்பொருள். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் வேறுவேறு கடைசிப் பெயரோடு இருப்பார்கள். டெலிபோன் புத்தகத்தில் சொந்தப் பெயர் வரிசையில்தான் தேட வேண்டும். ஜனாதிபதியையும் சொந்தப் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள்.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இலக்கணத்தில் இருக்கிறது. அவர்கள் மொழியில் பெயரின் இரண்டு பகுதியிலும் உருபு ஏறும். ‘யோன் யோன்சன்’ என்பவருக்கு என்று சொல்ல வேண்டுமானால் ‘யோனி யோன்சினி’ என்று இரண்டும் திரியும். புதிதாக ஒரு பெயர் வைக்க வேண்டுமென்றால் அங்கே ஒரு பெயர்க் குழு பார்க்கும். அந்தப் பெயரால் ஐஸ்லாந்திய ஆறாம் வேற்றுமை உருபை ஏற்க முடியுமா என்பது அந்தக் குழுவின் கேள்விகளில் ஒன்று. உறவைச் சொல்லும் ‘மகன்’, ‘மகள்’ என்ற சொல் பெயருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து கடைசியில் நிற்பதால், வெளிநாட்டுப் படிவம் அதை ஒரு சர்நேமாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

தமிழில் அந்தச் சொல் மறைந்து நிற்கிறது. அதை வெளியே எடுத்து எழுதியவர்கள் மலேசியத் தமிழர்கள். அங்கே அடையாள அட்டையில் மகனுக்கு `a/l`, மகளுக்கு `a/p` என்று நடுவில் வரும். சிங்கப்பூரில் `s/o`, `d/o`. வரிசை தலைகீழானாலும் யார் யாருக்குப் பிள்ளை என்பதில் சந்தேகம் வராது. இங்கே அந்த ஏற்பாடு பாஸ்போர்ட்டின் பெயர்க் கட்டத்துக்குள் வராமல் கடைசிப் பக்கத்தில் தந்தை, தாய், துணைவர் பெயர்களாகத் தனியே நிற்கிறது. அமீரகம் பின்னால் ஏற்றுக்கொண்டது அந்தப் பக்கத்தைத்தான்.

## எங்கே தவறும், எப்படிக் கண்டுபிடிப்பது

கோளாறு பெரும்பாலும் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தோம் என்பதில் வருவதில்லை. ஒரு ஆவணத்தில் ஒரு வழியும் இன்னொன்றில் வேறு வழியும் எழுதுவதில் வருகிறது. அப்புறம் எழுத்துக்கூட்டல். இசக்கி என்பதை நம் பக்கத்தில் ESAKKI என்றும் ISAKKI என்றும் எழுதுகிறோம். பள்ளியில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று இருப்பது சாதாரணம். சரிபார்க்கும் முறை இது:

1. புகைப்படப் பக்கத்தின் மேல்பகுதியை விட்டுவிட்டு, அடியில் உள்ள முதல் வரியைப் பாருங்கள். `<<` எங்கே விழுகிறது? அதற்கு முன்னால் இருப்பதே உலகத்துக்கு உங்கள் சர்நேம்.
2. டிக்கெட்டில் பெயர் வழக்கமாக `MADASAMY/ESAKKIMUTHU MR` என்ற வடிவில் இருக்கும். சாய்கோட்டுக்கு முன்னால் உள்ளதும் `<<` குறிக்கு முன்னால் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்.
3. விசாவையும் அதே போல ஒப்பிடுங்கள். `FNU` என்று வந்திருந்தால் டிக்கெட்டை எப்படிப் பதிவது என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.
4. பாஸ்போர்ட்டில் பிரிப்பு தவறாக இருந்தால் அதை மறுவழங்கல் விண்ணப்பத்தில், விசா எடுப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். விசா ஒட்டிய பிறகு மாற்றினால் இரண்டு பெயர்ப் பிரிப்புகளோடு அலைய நேரும்.

கல்யாணமான பெண்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அப்பா இனிஷியலை விட்டுக் கணவர் இனிஷியலுக்கு மாறுவது இங்கே பேச்சளவில் ஒரு எழுத்து மாற்றம்தான். பாஸ்போர்ட்டில் அது சர்நேமையே மாற்றுவது. படிப்புச் சான்றிதழ்கள் எல்லாம் அப்பா பெயரில் இருக்க, பாஸ்போர்ட் மட்டும் கணவர் பெயரில் இருந்தால், வெளிநாட்டில் சான்றிதழ் சரிபார்ப்பின்போது இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். துணைவர் பெயருக்குக் கடைசிப் பக்கத்தில் இடம் இருக்கவே இருக்கிறது. சர்நேமைத் தொடாமல் அதை மட்டும் நிரப்பலாம்.